கரண்டியக்காவும் எட்டுத் தொட்டிகளும்

கையில் எப்போதும் வெள்ளைக் கரண்டி. தோளில் டார்ச் லைட்டும் குறிப்பேடும் போட்ட பை. அதனால் அவள் கரண்டியக்கா. நகராட்சியின் கொசு ஒழிப்பு வேலைக்காகப் பதிமூன்று வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்கித் தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்தட்டு என்று தண்ணீர் தேங்கும் இடத்திலெல்லாம் மொண்டு பார்ப்பாள். கொசுப்புழு இருந்தால் கொட்டச் சொல்வாள். இல்லையென்றால் குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டு மணியை அடிப்பாள்.

கொட்டச் சொன்னால் திட்டு விழும். நாயை அவிழ்த்துவிட்டவர்களும் உண்டு. "பொறந்த வீட்டுல வாங்காத பேச்சையெல்லாம் இந்தக் கரண்டியாலதான் வாங்கினேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

ஆனால் கடந்த இரண்டு மாதமாக அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வயது நாற்பத்தாறு. தூரத்தில் வரும் பஸ்ஸின் நம்பரைப் படித்துவிடுவாள். கரண்டிக்குள் கிடப்பதுதான் தெரியவில்லை. ஏதோ அசைகிறது, அவ்வளவுதான். தலை எது, வால் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. முன்பு அவளோடு வேலை பார்த்த ஒருத்தியைப் பார்வை சரியில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதை நினைத்தே கண்ணாடிக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வழி ஒன்று கண்டுபிடித்திருந்தாள்: அசைந்தால் கொட்டு. கொட்டச் சொன்னதற்காக மேலே யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

அந்தத் தெருவில் ஒரே வாரத்தில் மூன்று வீட்டில் காய்ச்சல். "மாடியில தொட்டி தொட்டியா அழுக்குத் தண்ணி வச்சிருக்கான்" என்று எல்லோரும் ஒரே வீட்டைத்தான் கைகாட்டினார்கள். சூப்பர்வைசர், அவளைவிடப் பத்து வயது சின்னவர், வாசலில் நின்றுகொண்டு சொன்னார்:

"அக்கா, நீங்க மேல போய்ப் பாருங்க. நான் மருந்தடிக்கிற ஆளுங்களக் கூட்டிட்டு வரேன். ஏதாவது நெளிஞ்சா அத்தனையும் கொட்டிடணும்."

மாடியில் எட்டுத் தொட்டிகள். ஏழில் பச்சைத் தண்ணீர், மேலே வலை. எட்டாவது ஓரமாக, திறந்தபடி, கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரோடு இருந்தது. தொட்டிகளுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முட்டி தேய்ந்த பிறகு மீன் வளர்க்கிறார். உள்ளறையில் அவருடைய மீன்குஞ்சுகள் ஆயிரத்துக்குமேல் இருந்தன. பொரித்து ஐந்து நாள்தான். அவற்றுக்கு இரை இந்தத் தொட்டிகளில் இருக்கும் பூச்சிதான்.

"எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும்மா. தாராளமாப் பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க. இதைக் கொட்டினா என் குஞ்சுங்க ரெண்டு நாள்கூடத் தாங்காது."

அவள் முதல் தொட்டியில் வலையை விலக்கி மொண்டாள். கரண்டிக்குள் புள்ளி புள்ளியாக ஏதோ துடித்தது. கரண்டியைக் கண்ணருகே கொண்டுவந்தாள். மங்கியது. தள்ளிப் பிடித்தாள். இன்னும் தள்ளி, முழங்கை நிமிரும்வரை தள்ளிப் பிடித்தாள்.

"அசையுதுங்க. கொட்டிடுங்க."

"என்னம்மா அசையுது?"

"புழுதான்."

"எந்தப் புழு?"

அவள் மறுபடி கரண்டியைத் தள்ளிப் பிடித்தாள். கண்டக்டர் கோபப்படவில்லை. ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்து எதிரில் நின்று, குரலைத் தணித்தார்.

"டிக்கெட்ட இப்படி ஒரு முழம் தள்ளிப் பிடிக்கிறவங்கள முப்பது வருஷமாப் பாத்திருக்கேன். 'மை சரியா விழலப்பா'ம்பாங்க. மை நல்லாத்தான் விழுந்திருக்கும்."

அக்கா படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இப்போது சூப்பர்வைசர் வந்தால், இவர் ஒரு வார்த்தை சொன்னால், பதிமூன்று வருஷம் அதோடு சரி. இவர் சொல்லாமலிருக்க ஒரு காரணமும் இல்லை. தொட்டிகளைக் காப்பாற்றிக்கொள்ள அதைவிடச் சுலபமான வழியும் இல்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து தம் கண்ணாடியை எடுத்துச் சட்டை நுனியில் துடைத்து நீட்டினார்.

"போட்டுப் பாருங்க. நான் சொல்றத நம்ப வேணாம். உங்க கண்ணு சொல்றத எழுதுங்க."

போட்டாள்.

கரண்டிக்குள் ஓர் ஊரே இருந்தது. தூசிபோல இருந்தவை ஒவ்வொன்றும் உருண்டை உடம்பும், கரும்புள்ளிக் கண்ணும், கொம்புபோல் விரிந்த இரண்டு கையுமாக விட்டுவிட்டுத் துள்ளிக்கொண்டிருந்தன. கொசுப்புழு துள்ளாது. உடம்பை வளைத்து வளைத்து நெளியும். "நீர்த்தெள்ளு!" என்றாள், காணாமல்போன சொந்தக்காரரைக் கூட்டத்தில் கண்டுபிடித்தவள் மாதிரி.

"டாஃப்னியா. மீன் வளக்கிறவங்க நாங்க அப்படித்தான் சொல்லுவோம்."

ஐந்து தொட்டிகளில் அதேதான். ஆறாவதில் ரத்தச் சிவப்பில் புழுக்கள். இவையும் எட்டுப்போட்டு நெளியத்தான் செய்தன. அக்கா அவசரப்படவில்லை. தண்ணீர் தெளியக் காத்திருந்தாள். புழுக்கள் ஒவ்வொன்றாக அடிச் சேற்றுக்குள் போய் நுழைந்தன. கொசுப்புழுவென்றால் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இவற்றில் ஒன்றும் வரவில்லை. ஏழாவதில், குளத்துத் தண்ணீரோடு வந்துவிட்ட ஒரு பூச்சி. ஆறு கால், பின்னால் விசிறிபோல் மூன்று வால்முடி.

"கொசுப்புழுவுக்குக் கால் ஏது? இது பாட்டுக்கு இருக்கட்டும்."

கண்டக்டர் முகத்தில் களை திரும்பியது. "அப்ப முடிஞ்சுது. அந்தக் கடைசித் தொட்டி வெறும் தண்ணிம்மா. குளோரின் போறதுக்காகப் பிடிச்சு வச்சது."

"வெறும் தண்ணியையும் பாத்துடுவோம்ணே."

எட்டாவது தொட்டியருகே குனிந்தாள். அவள் நிழல் விழுந்ததும் மேல்மட்டத்திலிருந்து ஒரு கூட்டம் சரசரவென்று அடிக்கு நெளிந்தது. நகராமல் நின்றாள். ஒரு நிமிஷம் போயிருக்கும். ஒவ்வொன்றாக வளைந்து வளைந்து ஏறி வந்தன. வால்நுனிக் குழாயைத் தண்ணீரின் மேல்தோலில் முட்டி, தலைகீழாகத் தொங்கின. நடுவே காற்புள்ளிபோல் சுருண்ட சில கூட்டுப்புழுக்கள்.

"எத்தன நாளாச்சு இதப் பிடிச்சு?"

கண்டக்டர் விரல் விட்டு எண்ணினார். மகள் வீட்டுக்குப் போனது, வந்தது. "ஒம்போது நாள்." பிறகு தலையில் கைவைத்தார். "அழுக்குத் தண்ணிக்கெல்லாம் வலை போட்டேன். நல்ல தண்ணிக்கு எதுக்குன்னு விட்டுட்டேனே!"

"இந்தக் காய்ச்சல் கொசுவுக்கும் நல்ல தண்ணிதாண்ணே பிடிக்கும். சுருண்டு கிடக்குதே, அதெல்லாம் இன்னைக்கோ நாளைக்கோ பறந்துடும்."

சூப்பர்வைசர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். பின்னால் மருந்து டப்பாவோடு இரண்டு பேர். "என்னக்கா, எல்லாத்தையும் கவுத்துடலாமா? அது சரி, என்ன புதுசாக் கண்ணாடி?"

கண்டக்டர் ஏதோ சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தார். அக்கா முந்திக்கொண்டாள்.

"இவரோடது சார். கிட்டத்துல இருக்கிறது ரெண்டு மாசமாத் தெரியல. பயத்துல சொல்லல. இதப் போட்டா எல்லாம் தெரியுது. ஏழு தொட்டி மீன் தீனி, தொட வேணாம். ஒண்ணுல கொசுப்புழு. நீங்களே வந்து பாருங்க."

சூப்பர்வைசர் முதல் தொட்டியைப் பார்த்தார். எட்டாவதையும் பார்த்தார். அவர் நிழலுக்கும் அவை ஓடின, திரும்பி வந்து தொங்கின. நிமிர்ந்து அக்கா பக்கம் திரும்பினார்.

"கண்ணாடி போடாமப் போனாத்தான் தப்புக்கா. நாளைக்கே ஒண்ணு வாங்கிடுங்க. ரெண்டு மாசமா நீங்க எழுதின வீடுங்கள..."

"நானே மறுபடி போறேன் சார்."

எட்டாவது தொட்டியைக் கண்டக்டரே சாய்த்தார். சூடான மாடித்தரையில் தண்ணீர் பரவி, புழுக்கள் காய்ந்தன. முட்டை ஒட்டியிருக்கும் என்று அக்கா தொட்டியின் உள்சுவரை நார் போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள்.

கிளம்பும்போது கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். நன்றி என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

"அதுக்கு வலை போடுங்கண்ணே. அடுத்த வாரம் நானே வந்து பாப்பேன்" என்றாள்.

"வாங்க. அதுவரைக்கும் கண்ணாடி உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு வீட்டுல இன்னொண்ணு கிடக்கு. இன்னைக்கு மிச்ச வீட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

அவள் அதை மறுபடி மாட்டிக்கொண்டாள். படியிறங்கும்போது ஒவ்வொரு படியும் வீங்கித் தெரிந்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்து, மெதுவாக இறங்கி, பக்கத்து வீட்டு மணியை அடித்தாள்.