கை தெரிந்த படங்கள்

தக்ஷாயினி என் கடைக்கு வந்து நாலு வருசம். வவுனியாப் பக்கத்துப் பிள்ளை. ஊரைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். நானும் விட்டுவிட்டேன். களுவாஞ்சிக்குடியில் இந்த மங்கையற்கரசியின் சேலைக்கடையில் வேலைக்கு வருகிறவளுக்குக் கணக்கும் கணினியும் தெரிந்தால் போதும், பூர்வீகம் எதற்கு?

கணினியில் அவள் கெட்டிக்காரி. என் பாட்டுக்கு முகநூலில் படம் போட்டு, மூன்று நாளில் அது எங்கோ கீழே போவதைப் பார்த்துச் சலித்திருந்த எனக்குப் படம் சேர்த்து வைக்கிற பின்டரெஸ்ட் தளத்தைக் காட்டியவள் அவள்தான். "அக்கா, இதில போடுற படம் ஒரு வருசம் கழிச்சும் ஆளத் தேடிக்கொண்டு போகும்" என்றாள். அப்போது அது எனக்கு நல்ல செய்தியாகத்தான் பட்டது.

மருதமுனைத் தறிச் சேலைகளை அவள் 'போர்ட்' என்கிற தொகுப்புகளாகப் பிரித்தாள். நம்மைப்போல் 'புது இறக்குமதி' என்று எழுதமாட்டாள். கோயிலுக்கு, பட்டமளிப்புக்கு, வெயில் காலத்துக்கு என்று, தேடுகிற சனம் என்ன சொல்லித் தேடுமோ அதையே போர்டின் பெயராக வைப்பாள். பொங்கல் சேலையை ஐப்பசியிலேயே ஏற்றிவிடுவாள், படம் ஆட்களிடம் போய்ச்சேரக் காலம் எடுக்குமாம். ஒவ்வொரு படத்தையும் நெட்டையாக வெட்டி, எங்கள் இணையப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பாள். கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் ஆட்கள் அதைத் தட்டிக்கொண்டு நேரே எங்களிடம் வந்தார்கள்.

சேலையைக் கட்டி நிற்பதும் அவள்தான். ஆனால் கழுத்துக்கு மேலே படத்தில் வரக்கூடாது. "முகம் வேணாம் அக்கா" என்றால் வேணாம்தான். வெட்கம் என்று நினைத்து நான் அவளைக் கேலி பண்ணியிருக்கிறேன். "உன்ட முகத்தக் கண்டா சேலை விலைப்படாது எண்டு பயமா புள்ள?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

இனி என் பிழையைச் சொல்கிறேன். எதில் கூடுதல் பேர் 'சேவ்' பண்ணுகிறார்கள் என்று அந்தத் தளமே கணக்குக் காட்டும். முந்தானையைக் கையில் ஏந்தி நிற்கிற படத்தை மற்றதைவிட இரண்டு மடங்கு பேர் எடுத்து வைத்திருந்தார்கள். நான் விடுவேனா? கையைக் காட்டு, இன்னும் கிட்ட எடு என்று நின்றேன். அவளுடைய இடது மணிக்கட்டில் பிறைபோல ஒரு சூட்டுத் தழும்பு. தோசைச் சட்டி சுட்டது என்று சொல்லியிருந்தாள். வளையல் போட்டு மறைப்பாள், கையை உயர்த்தினால் வளையல் இறங்கிவிடும். அதைக் கணினியில் அழித்துவிட்டுப் போடுகிறேன் என்றாள். அழித்தால் பக்கத்திலிருக்கிற சேலைக் கரையும் கலங்கும் என்று நான்தான் மறித்தேன். "இத ஆரு பாக்கப்போறான்?" என்று சொன்ன வாய் இந்த வாய்தான்.

போன ஆவணியில் அறிவிப்பு வர ஆரம்பித்தது. 'எஸ்' என்று ஓரெழுத்துப் பெயர் வைத்த ஒருவர் எங்கள் படத்தைச் சேவ் பண்ணியிருக்கிறார். மறுநாள் இன்னொன்று. ஒரு கிழமைக்குள் பதினேழு. நான் பூரித்துப்போனேன். "உனக்கொரு ரசிகன் கிடைச்சிருக்கான் புள்ள" என்று போனைக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த ஆளின் பக்கத்தைத் திறந்தோம். படமில்லை, பின்தொடர்கிறவர் ஒருவருமில்லை. ஒரே ஒரு போர்ட். அதற்கு அவன் வைத்த பெயர் 'என்னுடையது'.

தக்ஷாயினி கதிரையைப் பிடித்துக்கொண்டாள். மெல்லச் சொன்னாள்.

"சேலையப் பாக்காதீங்க அக்கா. கையப் பாருங்க."

பார்த்தேன். சிவப்பு, பச்சை, கரை போட்டது, போடாதது என்று சேலை எல்லாம் வேறு வேறு. பதினேழிலும் இடது மணிக்கட்டு தெரிந்தது. கை மறைந்த படம் ஒன்றைக்கூட அவன் எடுக்கவில்லை. எங்களிடம் இருநூறுக்கு மேல் இருந்தும்.

"தோசைச் சட்டி இல்ல அக்கா" என்றாள். "என்ட மனுசன் வைச்ச சூடு. அவருக்குத் தெரியாதா?"

அவள் அழவில்லை, உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். கை தெரிகிற படங்களை எல்லாம் அழித்தாள். நான் என் சொந்தக் கணக்கில் போய்ப் பார்த்தால், அவனுடைய போர்டில் பதினேழும் அப்படியே இருந்தன. நாம் அழித்தால் நம்முடையதுதான் போகும், மற்றவர் எடுத்து வைத்தது போகாது என்றாள். படம் எடுத்தவள் நான் என்பதால், என் பெயரில் உரிமை முறைப்பாடு எழுதி, எல்லாப் பிரதிகளையும் நீக்கச் சொல்லிக் கேட்டோம். அவனை 'பிளாக்' பண்ணினோம். பொலிசுக்கும் போனோம். மிரட்டினானா என்று அங்கிருந்த பெண் பொலிஸ் கேட்டார். சேலைப் படம் சேர்த்து வைத்திருக்கிறான் என்று சொல்லும்போது எனக்கே கூசியது. அவர் எழுதி வைத்துக்கொண்டார்.

சில நாளில் படங்கள் நீக்கப்பட்டதாகப் பதில் வந்தது. நான் பெருமூச்சு விட்டேன். தக்ஷாயினி விடவில்லை.

"படத்தத் தட்டினா எங்க போகும் அக்கா?"

எங்கள் இணையப் பக்கத்துக்கு. அதன் அடியில் 'பிரதான வீதி, களுவாஞ்சிக்குடி' என்று கடை விலாசம், தொலைபேசி இலக்கத்தோடு. எத்தனை பேர் தட்டினார்கள் என்று தளம் சொல்லும், ஆர் என்று சொல்லாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அழைப்பு வந்தது. ஆண் குரல், மிக மரியாதை. நாங்கள் அழித்துவிட்ட படத்திலிருந்த நீலச் சேலை வேண்டுமாம். கூரியரில் போடுகிறேன் என்றேன்.

"வேணாம் அக்கா, நான் நேர வந்து எடுக்கிறன். வியாழக்கிழமை."

தக்ஷாயினியை உன்னிச்சையில் என் சித்தி வீட்டுக்குப் போகச் சொன்னேன். "ஒருக்கா ஓடி வந்தாச்சு, இன்னொருக்கா ஓட என்னால ஏலாது" என்றாள். வியாழக்கிழமை பின்னறையில் சேலைக் கட்டுகளுக்குப் பின்னால் அவளை இருத்திவிட்டு, நான் முன்னால் இருந்தேன். பக்கத்துக் கடை அழகரத்தினம் அண்ணனையும் கூப்பிட்டு வைத்திருந்தேன். அவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காவல் இருந்தார்.

வந்தவனுக்கு நாற்பது வயதிருக்கும். சட்டை மடிப்புக் கலையவில்லை. நீலச் சேலையை விரித்துக் கரையைத் தடவிப் பார்த்தான்.

"படத்தில கட்டியிருந்தது ஆர்?"

"நான்தான்" என்றேன். என் உடம்பையும் அந்தப் படத்தையும் பார்த்த எவனும் அதை நம்பமாட்டான். எனக்கு வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

அவன் என் இடது கையைப் பார்த்தான். மெல்லச் சிரித்தான். காசைக் கொடுத்துச் சேலையை வாங்கிக்கொண்டு, வாசலில் நின்று திரும்பினான்.

"அவவிட்ட சொல்லுங்க, படம் எல்லாம் வடிவா இருந்தது எண்டு."

அவன் சந்தைச் சனத்துக்குள் மறைந்ததும் பின்னறைக்கு ஓடினேன். "போயிட்டான் புள்ள, ஆளக் கண்டுட்டன், இனிப் பொலிசில அடையாளம் சொல்லலாம்" என்றேன். தக்ஷாயினி நிலத்தில் குந்தியிருந்தாள்.

"அது அவர் இல்ல அக்கா."

"என்ன சொல்றாய்?"

"குரல் வேற. ஆரையோ அனுப்பியிருக்கார். நான் இஞ்சதான் இருக்கிறனா எண்டு பாத்துட்டு வரச் சொல்லி."

அவளுடைய புருசனின் படம் ஒன்றும் அவளிடம் இல்லை. வரும்போது எல்லாவற்றையும் எரித்துவிட்டுத்தான் வந்தாளாம். எப்படி இருப்பான் என்று கேட்டேன். நடுத்தர உயரம், மாநிறம், மீசை என்றாள். எங்கள் சந்தையில் பாதிப்பேர் அப்படித்தான் இருப்பார்கள்.

தக்ஷாயினி இப்போதும் வருகிறாள், பின்கதவால். சேலைகளை மறுபடி கம்பியில் தொங்கவிட்டுப் படம் எடுக்கிறோம், சேவ் பண்ணுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். நான் முன்னால் இருக்கிறேன். மீசை வைத்த ஆண்கள் மனைவிக்கு, தங்கைக்கு, தாய்க்கு என்று சேலை கேட்டு வருகிறார்கள். ஒவ்வொருவனையும் கண்டு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கடை வைத்திருப்பவள், ஆகவே எல்லாரையும் "வாங்க, உள்ளுக்கு வாங்க" என்று கூப்பிடுகிறேன்.