வாட்ச்மேன் அறையிலிருந்த கார்டுகள்

டோரதி அக்கா எங்கள் வேலூர் ஆடிட்டர் ஆபீசில் பதினாறு வருஷம் சீனியர் அசிஸ்டென்ட். அவர் பச்சை மையில் டிக் அடித்துவிட்டால் ஆடிட்டர் சாமிநாதன் சார்கூட மறுபடி பார்க்க மாட்டார். நான் ஒரு வவுச்சரை விட்டுவிட்டால் போதும், மதியச் சோறு இறங்காத அளவுக்கு அக்கா திட்டுவார்.

1999 பிப்ரவரியில் பேரணாம்பட்டிலிருந்து சவுரியம்மாள் வந்தார். அவர் கணவர் அங்கே நாங்கள் ஆடிட் செய்யும் ஒரு தோல் கம்பெனியில், சுண்ணாம்புத் தொட்டியில் ஏழு வருஷம் வேலை செய்து, ஜனவரியில் இறந்துவிட்டார். பி.எஃப். பென்ஷன் கேட்கப் போனவரை, "அப்படி ஆளே இல்ல, ஆடிட்டரே ரெஜிஸ்டர பாத்து கையெழுத்து போட்டிருக்காரு" என்று மேனேஜர் விரட்டியிருக்கிறார்.

அக்கா பொறுமையாகத்தான் சொன்னார். "நானூறு பேரையும் பன்னெண்டு மாசத்துக்கும் பாக்க முடியாதும்மா. முப்பது பேர எடுத்து பாப்போம். அது சரியா இருந்தா, மத்ததும் பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும்னு நம்பலாம்."

"அந்த முப்பது பேர எதுலேர்ந்து எடுப்பீங்க?"

"சம்பள ரெஜிஸ்டர்லேர்ந்து," என்றவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

ரெஜிஸ்டரில் ஒரு பெயரை எடுத்து, அதற்குக் கேட்டில் வருகை குறிக்கும் கார்டு இருக்கிறதா என்று தேடுவது வவுச்சிங். இல்லாத ஆளுக்குச் சம்பளம் எழுதியிருந்தால் அதில் மாட்டும். எழுதாமல் விட்ட ஆள் மாட்டவே மாட்டார். அதற்குக் கார்டிலிருந்து கிளம்பி ரெஜிஸ்டருக்கு வர வேண்டும், அது டிரேசிங். சம்பளத்தில் நாங்கள் அதைச் செய்ததே இல்லை. கேட்ட கார்டை மட்டும் கிளார்க் கொண்டுவருவார், நாங்களும் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து டிக் அடிப்போம். வெட்கக்கேடு.

ஏப்ரல் ஆடிட்டில் அக்கா நேராகக் கம்பெனியின் வாட்ச்மேன் அறைக்குப் போனார். கேட் கார்டுப் பெட்டிகளிலிருந்து எந்த வரிசையும் பார்க்காமல் முப்பதை உருவினார். ஐந்து பேர் ரெஜிஸ்டரில் இல்லை. அவர்கள் கூலியெல்லாம் மேஸ்திரி பெயரில் ஒரே வவுச்சராகப் போயிருந்தது. சவுரியம்மாள் கணவரின் கார்டு அந்த முப்பதில் இல்லை. ஆனால் முப்பதில் ஐந்து என்றால் யாரும் சும்மா விட முடியாது. எல்லாக் கார்டையும் பார்த்தோம். அறுபத்தெட்டுப் பேர், அவரும் சேர்த்து.

அதை ரிப்போர்ட்டில் எழுதாமல் கையெழுத்துப் போட முடியாது என்றார் சாமிநாதன் சார். கம்பெனி முதலாளி ஒரு வாரம் கத்திப் பார்த்தார். கடைசியில் அறுபத்தெட்டுப் பேருக்கும் பழைய பாக்கியோடு பி.எஃப். கட்டினார்; மறுவருஷம் ஆடிட்டரை மாற்றிவிட்டார்.

பென்ஷன் உத்தரவு வந்ததும் சவுரியம்மாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். அக்கா அதை வாங்கவில்லை.

"ஏழு வருஷமா அந்த ரெஜிஸ்டர் சரின்னு டிக் அடிச்சவளே நான்தாம்மா."

சவுரியம்மாள் பழத்தைக் கையில் பிடித்தபடியே சொன்னார்.

"நீங்க வர்ற அன்னிக்கெல்லாம் அவுரு வூட்ல வந்து சொல்வாரு மேடம். இன்னிக்கு ஆடிட்டு, கணக்கெல்லாம் கரெக்டா பாக்குறாங்கன்னு."

பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்று அக்கா யாரையும் திட்டவில்லை.