விலை விழுந்ததற்கு இலை காரணமல்ல

தேயிலை விலை விழுந்துகொண்டே இருந்த வருடங்கள் அவை. குன்னூரில் ஒரு எஸ்டேட் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் நான் பயிற்சிக் காலத்தில் இருந்தேன். மாதாமாதம் மேலிடத்துக்கு விற்பனை அறிக்கை தயாரிப்பது என் வேலை. ஏலத்தில் போன கிலோ, சராசரி விலை, முந்தைய மாதத்தைவிட எவ்வளவு குறைவு. கடைசியில் ‘காரணம்’ என்று ஒரு வரி. அதை மட்டும் விற்பனை மேனேஜர் சொல்வார்: “மார்க்கெட் மந்தம், இலைத் தரம் குறைவு.”

அந்த இலையைப் பறித்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்: “இலை மோசம்னு சொல்லி எங்களுக்கு வேலை நாளக் குறைக்கப் போறாங்களாம். கங்காணி சொல்றாரு. ஏன்டா, அந்த ஆபீஸ்லதான நீ இருக்க? நாங்க முத்தல் இலையா பறிச்சுக் கொட்டுனோம்?”

மறுநாள் விற்பனைச் சீட்டுகளை எடுத்து இரண்டாகப் பிரித்தேன். முதல் ஏலத்திலேயே விற்ற தேயிலை ஒரு பக்கம். நாங்கள் வைத்த குறைந்தபட்ச விலைக்கு யாரும் கேட்காமல், சில வாரம் கழித்து மறுபடி ஏலத்துக்குப் போனது இன்னொரு பக்கம். முதல் வகை எல்லாக் கம்பெனித் தேயிலைக்குமான ஏலச் சராசரியோடுதான் இறங்கியிருந்தது. இரண்டாவது அதற்கும் நன்றாகக் கீழே. ஒரே தொழிற்சாலை, ஒரே ரகம். ஏலம் விடும் புரோக்கர் ருசி பார்த்து முதலில் போட்ட மதிப்பும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் திரும்பி வந்த சரக்கு பழசு என்று வாங்குபவர்களுக்குத் தெரியும். குறைத்துத்தான் கேட்பார்கள். புரோக்கர் மதிப்புக்கும் மேலே குறைந்தபட்ச விலையை வைக்கச் சொன்னவர் டைரக்டர்.

இதையெல்லாம் ‘காரணம்’ என்ற இடத்தில் எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“ஏனுங்க தம்பி, வேலை நிரந்தரமாகோணுமா, வேண்டாமா? உங்களாலதான்னு டைரக்டர்கிட்டயே சொல்றீங்களா?”

“சொல்லலைங்க சார், எழுதியிருக்கேன்.”

“நம்பரை மட்டும் வெச்சுட்டு மிச்சத்தை எடுத்துருங்க.”

“எடுத்தா மறுபடி இலைன்னுதான் எழுதோணும். அது பொய்யிங்க. நான் எழுத மாட்டேன்.”

அவர் கையெழுத்துப் போடவில்லை. என் பெயரோடு மட்டுமே அறிக்கை போனது.

கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். டைரக்டர் தாளைத் தட்டினார். “மார்க்கெட்டே விழுந்து கெடக்கு. அதுக்கு நாந்தான் காரணமா?”

“மார்க்கெட் விழுந்ததுக்கு இல்லைங்க சார். மார்க்கெட்டைவிட நாம கீழ விழுந்ததுக்கு.”

மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

“இப்படி எழுத உனக்கு யாரு சொன்னது?”

“காரணம்னு ஒரு இடம் விட்டிருந்துச்சுங்க.”

அடுத்த ஏலத்துக்குக் குறைந்தபட்ச விலை புரோக்கர் மதிப்பை ஒட்டி இறங்கியது; தோட்டத்தில் வேலை நாளைக் குறைக்கும் பேச்சும் அடங்கியது. என் பயிற்சிக் காலத்தைத்தான் நீட்டித்தார்கள். நீட்டிக்கட்டும்.

அடுத்த மாத அறிக்கையில் ‘காரண’த்தைக் கடைசியில் வைக்கவில்லை. முதல் வரியிலேயே வைத்தேன். எண்கள் அதற்குக் கீழே வந்தன.