பூச்சட்டியும் முந்நூற்று எழுபத்தைந்து மீற்றரும்

பூமியின் சுற்றளவு, சந்திரனுக்குள்ள தூரம் எல்லாம் வெள்ளைக்காரன் உத்தேசமாகச் சொன்ன கணக்கு. உலகம் தோன்றிய நாள் தொடக்கம் ஒழுங்காக அளக்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அது யாழ்ப்பாணப் பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் பூங்காவின் சுற்றுப்பாதை. அளந்தவர் பக்கத்து வீட்டு பெர்னடெட் அக்கா. ரோட்டுக் கந்தோரில் தட்டெழுத்தாளர்.

அக்காவுக்கு ஓட்டப் பைத்தியம். அரசாங்க ஊழியர் போட்டிக்கு, ஆயிரத்து ஐந்நூறு மீற்றரை ஆறு நிமிடத்துக்குள் ஓடினால் கொழும்புக்கு அனுப்புவார்களாம். கந்தோரில் அதற்கான தெரிவு மார்கழியில். இருபத்தாறு வயதில் கலியாணத்துக்கு ஓடாமல் இதற்கு ஓடுகிறாள் என்று எங்கள் ஒழுங்கை முழுக்க, கடைசி வீடு வரை, கவலைப்பட்டது. ஒழுங்கைக்கு வேறு வேலை இல்லை.

முதலில் கந்தோரிலிருந்து அளவுச் சில்லை இரவல் வாங்க வேண்டியிருந்தது. நீளக் கைபிடியில் ஒரு சில்லு. ஒரு முறை சுற்றினால் ஒரு மீற்றர், ஒரு 'கிளிக்'. எண்ணிக்கை மேலே ஒரு சின்னப் பெட்டிக்குள் விழும்.

"பிள்ளை, உது தார் ரோட்டு அளக்கிற சாமான்," என்றார் ரோட்டு வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் தில்லைநாதன்.

"தார் ரோட்டு எங்கையும் ஓடாது ஐயா. நான் ஓடுவன்," என்றார் அக்கா. சில்லு கிடைத்தது.

எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, பாதையின் உள்விளிம்பிலிருந்து ஓர் அடி தள்ளி, கால் பதியும் கோட்டிலேயே நேராக உருட்டினார். ஒரு முறை காணாதென்று இரண்டாம் முறையும் உருட்டினார். சுற்று கொஞ்சம் குறைந்தது. அதற்காகக் கிணற்றடிக்குப் போகும் கிளைப்பாதைக்குள் ஒரு பூச்சட்டியை வைத்து, அதைச் சுற்றித் திரும்புவதாக்கினார். இப்போது முந்நூற்று எழுபத்தைந்து. நாலு சுற்று ஓடினால் ஆயிரத்து ஐந்நூறு. கணக்குச் சோதனையில் இரண்டு முறை குண்டடித்த எனக்கே விளங்கியது.

ஒவ்வொரு ஞாயிறும் விடியற்காலை, பூசைக்கு முன் அந்த நாலு சுற்று. அவருடைய அப்பாவின் கைக்கடிகாரத்தோடு நான் தொடக்கக் கோட்டடியில் நிற்பேன். பெரிய உத்தியோகம், சம்பளம் ஒரு பிளேன்ரீ. வந்த நேரத்தை ஒன்றரையால் பிரித்து, ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு என்று கதவுக்குப் பின்னால் சோக்கட்டியால் எழுதுவார். நாலு நிமிடம் என்று விழ வேண்டும். கிழமைக்கு இரண்டு, மூன்று செக்கனாகக் குறைந்து வந்தது, நாலு நிமிடம் எட்டு செக்கனில் வந்து படுத்துவிட்டது. நாலு சுற்றுக்கும் ஆறு நிமிடம் பன்னிரண்டு செக்கன். அடுத்த ஞாயிறும் அதேதான். அதற்கடுத்த ஞாயிறும் அதேதான். அன்று அக்கா பிளேன்ரீயும் தரவில்லை, கதவைச் சாத்திக்கொண்டார்.

சனி பின்னேரம் நான் பூங்காவுக்குப் போனேன். பூச்சட்டிக்கு அந்த இடம் வெயில் கூட என்று பட்டது. ஐந்து மீற்றர் சுற்றுப்பாதைப் பக்கம் இழுத்து வைத்தேன். செடிகளில் எனக்குள்ள அக்கறையை யாரும் மெச்சியதில்லை.

ஞாயிறு அக்கா ஓடி முடித்தார்.

"ஆறு நிமிசம் ஒரு செக்கன்!" என்று கத்தினேன்.

அக்கா துள்ளவில்லை. குனிந்து மூச்சு வாங்கினார். "மூண்டு கிழமையா அசையாதது ஒரேயடியாப் பதினொரு செக்கன் விழுமோ? காலிலை பிழை இல்லை. தூரத்திலைதான் பிழை."

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓவசியர் வீட்டுக்குப் போய்ச் சில்லோடு வந்தார். "நீ உருட்டு. எனக்குக் கால் நடுங்குது."

என் மூளை வேலை செய்தது. நேராக உருட்டினால்தானே குறையும்? கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி நெளித்து நெளித்து உருட்டினேன். கோட்டடிக்கு வந்தபோது பெட்டியில் சரியாக முந்நூற்று எழுபத்தைந்து. கணக்கு வாத்தியார் பார்த்திருக்க வேண்டும்.

அக்கா பெட்டியைப் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்தார். இரவு தூறிய ஈரத்தில் சில்லுத் தடம் தெளிவாகக் கிடந்தது.

"என்னடா இது, சாரைப்பாம்பு போன மாதிரி?"

சில்லைப் பறித்துத் தானே நேராக உருட்டினார். முந்நூற்று அறுபத்தைந்து. ஒரு குச்சியால் மண்ணில் எழுதி, ஓடிய நேரத்தை இந்த நாலு சுற்றுத் தூரத்தால் பிரித்துப் பார்த்தார். "கிலோமீற்றருக்கு நாலு ஏழு. ஒரு செக்கன் குறைஞ்சிருக்கு." முகம் கொஞ்சம் வெளித்தது. "காணாது. ஆனா உண்மையாக் குறைஞ்சது." பிறகு பூச்சட்டியைப் பழைய இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். நான் பின்னால் போனேன்.

"ஏன்ரா நகத்தினனீ?"

"சும்மா முசுப்பாத்திக்கு அக்கா."

அக்கா சட்டியை வைத்து, கையைத் தட்டினார். "முசுப்பாத்தி எண்டால் கிணத்தடிப் பக்கம் எல்லோ தள்ளியிருப்பாய்? நான் களைச்சு விழுறதைப் பாத்துச் சிரிச்சிருக்கலாம். தூரம் குறையிற பக்கம் ஏன்ரா தள்ளினனீ?"

பூச்சட்டியை நேராக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.