கணக்கில் சேராத முதல் பீரியடு

ஞானசௌந்தரி கங்காதர நெல்லூரில் பிறந்தவர். அப்பா அங்கே கிறிஸ்தவ சபையில் உபதேசியாராக இருந்தார். பி.எஸ்சி.யும் பி.எட்.டும் முடித்த கையோடு சித்தூரில் ஒரு மிஷன் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தார். கல்யாணம், இரண்டு பிரசவம், ஒரு ஆபரேஷன் எல்லாம் அங்கே வேலையில் இருக்கும்போதே நடந்தன. லீவு முடிந்த மறுநாள் சாக்பீசைக் கையில் எடுத்துவிடுவார். குரல் உயர்த்தமாட்டார். பையன்கள் அவருக்குப் பயந்தார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் அவர் வகுப்பில் யாரும் தூங்கியதில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம் பழைய கணக்குத் துறைத் தலைவர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு இவர் வந்தார். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன்னால், துறையில் யாருக்கு எந்த வகுப்பு, யாருக்கு என்ன கூடுதல் வேலை என்று பிரித்துக் கொடுப்பதுதான் தலைவரின் முதல் காரியம்.

அவரோடு சேர்த்து நான்கு பேர். சுந்தர்சிங் சார், சபையின் செயலாளர். சண்முகம் சார், நகரியில் தறி வைத்திருக்கும் குடும்பம். வாரநாட்களில் சித்தூரில் ரூம், சனிக்கிழமை மத்தியானம் ஊருக்குப் பஸ். கடைசியாக யூனிஸ். வயதில் சின்னவள், கல்யாணமாகாதவள், பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவுக்குக் கணக்கு எடுப்பவள்.

யூனிஸைப் பற்றி ஒரு சேதி ஞானசௌந்தரியின் காதில் விழுந்திருந்தது. திருப்பதியில் ஒரு பெண்கள் பள்ளி அவளை வரச்சொல்லி ஆர்டர் அனுப்பியிருக்கிறது. அவள் இன்னும் பதில் எழுதவில்லை. அவள் போனால் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவு என்னாகும் என்று ஞானசௌந்தரிக்குத் தெரியும். தமிழில் கணக்குச் சொல்லித்தர டிரெய்னிங் முடித்த ஆள் ஆந்திராவில் லேசில் கிடைக்காது. யூனிஸ் வருவதற்கு முன்னால் ஒரு தடவை ஆள் இல்லாமல் அரை வருஷம் அந்த வகுப்பு சும்மா உட்கார்ந்திருந்தது. பொதுத்தேர்வு முடிவு வந்தபோது பெற்றோர்கள் ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நின்றார்கள்.

அதனால் அவர் ரொம்பக் கவனமாகப் பிரித்தார். ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு இருபத்தெட்டு பீரியடுக்கு மேல் போகாத மாதிரி பென்சிலால் எழுதினார். பெரிய வகுப்பு ஒன்று, நடு வகுப்பு ஒன்று, சின்ன வகுப்பு ஒன்று என்று கலந்து கொடுத்தார். அப்புறம் கூடுதல் வேலைகள். ஆள் வராத வகுப்புக்குப் போய் உட்காருவது, ஹாஸ்டலில் சாயந்திரமும் சனிக்கிழமை மத்தியானமும் படிப்பு பார்ப்பது, மாதத் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பது. யாருடைய கட்டத்தில் வெற்றிடம் அதிகமோ அவருக்கு அதிகம். யூனிஸின் முதல் பீரியடு ஐந்து நாளும் வெறுமையாக இருந்தது. ஹாஸ்டல் சாயந்திரம் மூன்று நாள் அவள் பேருக்குப் போயிற்று.

தாளை ஆசிரியர் அறையில் மேஜைமேல் விரித்தார். யூனிஸ் வந்து பார்த்தாள்.

"சரிங்க டீச்சர்," என்றாள். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

சண்முகம் டீயை ஊதிக்கொண்டே தாளைப் பார்த்தார். "டீச்சர், ஒண்ணு சொன்னா கோச்சிக்கமாட்டீங்களே."

"சொல்லுங்க சார்."

"எனக்கு இந்த லிஸ்ட் ரொம்ப சௌகரியமா கீது. அதான் சொல்றதா வாணாமான்னு யோசிக்கினு இருந்தேன்." கட்டத்தைக் காட்டினார். "நான் எடுக்கிற நீதிபோதனை அஞ்சு பீரியடு இருபத்தெட்டுல சேந்துக்குது. அதே நேரத்துல அந்தப் பொண்ணு உங்க சர்ச்சுக் கோயில் ஹாலுல நூறு பசங்களுக்கு வேதபாடம் எடுக்குது. அது எதுலயும் வரல. எங்க புண்ணியத்துக்கு கணக்கு உண்டு, உங்க சாமிக்கு கணக்கு இல்ல போல."

ஞானசௌந்தரி தாளைத் திரும்பப் பார்த்தார். வெற்றிடம் என்று நினைத்த இடம் வெற்றிடமில்லை. அவருக்குத் தெரியாத விஷயமில்லை இது. அவரே பதினைந்து வருஷம் வேதபாடம் எடுத்தவர். அது வேலை என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அதனால் அதை எழுதவேண்டும் என்றும் தோன்றவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பையன்களுக்கு வேதபாடம் எடுக்கவேண்டியவர் சுந்தர்சிங் சார். சபைச் செயலாளர் ஆனபோது, இரண்டு மாசம் பார்த்துக்கொள்ளும்மா என்று, பெண்களுக்கு எடுத்துக்கொண்டிருந்த யூனிஸிடம் விட்டார். அது நான்கு வருஷமாகிவிட்டது. இப்போது பையன்கள், பெண்கள் எல்லாரும் ஒன்றாக அவளிடம்தான்.

ஞானசௌந்தரி ஹெட்மாஸ்டர் நேசகுமாரிடம் போனார்.

"வேதபாடத்தையும் இருபத்தெட்டுல சேத்துடலாமா ஐயா?"

"முடியாதும்மா. கவர்ன்மென்ட் எய்டு வாங்குற ஸ்கூல். மதபோதனைக்கு அவங்க சம்பளம் தரமாட்டாங்க. நீதிபோதனை அவங்க பாடத்திட்டத்துல கீது, அதனால சேத்துக்கலாம். இன்ஸ்பெக்‌ஷன்ல வேதபாடத்தப் பாத்தா கணக்குலேர்ந்து அடிச்சிடுவாங்க."

"அப்ப கூடுதல் வேலையை நான் எப்படி வேணா பிரிக்கலாமா?"

"அதுக்கு ரூல் ஒண்ணும் இல்ல. அது உங்க பாடு."

மறுநாள் எல்லாரையும் உட்காரவைத்துப் புதிய தாளைக் காட்டினார். பீரியடுகள் பழையபடியே இருந்தன. கூடுதல் வேலை மட்டும் மாறியிருந்தது. வேதபாடம் எடுக்கிறவருக்கு ஹாஸ்டல் சாயந்திரம் கிடையாது, ஆள் வராத வகுப்பு கடைசியாகத்தான். மிச்சத்தை மூன்று பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தன் பேருக்கு இரண்டு சாயந்திரம் போட்டுக்கொண்டார். சுந்தர்சிங் சாருக்குப் புதன்கிழமைச் சாயந்திரம்.

"புதன்கிழமை ஜெபக்கூட்டம் இருக்குது, தெரியுமில்ல?" என்றார் சுந்தர்சிங்.

"தெரியும் சார்."

"ஊழியத்த பீரியடு போட்டு எண்ணுற காலம் வந்துடுச்சா? நாங்கல்லாம் சந்தோஷமா செஞ்சோம்மா."

"நானும் சந்தோஷமாத்தான் செஞ்சேன் சார். நீங்க விட்டுட்டீங்க, அது வேற." அவர் குரல் மாறவில்லை. "பையங்க வேதபாடத்தை நீங்க திரும்ப எடுத்துக்கினா புதன்கிழமை தானா போயிடும். அந்தச் சாயந்திரத்தை நான் எடுத்துக்கிறேன்."

சண்முகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான். ஆனால் அவர் சிரிப்பும் நிலைக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஹாஸ்டல் படிப்பு மாதத்தில் இரண்டு தடவை அவர் பேரில் இருந்தது.

"இது இன்னா டீச்சர், நானே வாயக் குடுத்து வாங்கிக்கினேனா?"

"ஆமா சார். நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

சுந்தர்சிங் அன்று எழுந்து போனார். இரண்டு நாள் ஞானசௌந்தரியோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "பையங்களை நானே பாத்துக்கிறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

யூனிஸ் புதிய தாளையும் பார்த்தாள். அப்போதும் "சரிங்க டீச்சர்" என்றுதான் சொன்னாள். போகிறாளா இருக்கிறாளா என்று அவள் முகத்திலிருந்து தெரியவில்லை. ஞானசௌந்தரியும் கேட்கவில்லை. கேட்டால் தாளை அவளுக்காக மாற்றியது போல ஆகிவிடும் என்று நினைத்தார். அவளுக்காகத்தானா என்றால், அதுவும் உண்மைதான். ஆனால் வேறு யாராவது முதல் பீரியடு கோயில் ஹாலில் நின்றிருந்தாலும் அப்படித்தான் மாற்றியிருக்கவேண்டும்.

பள்ளி திறந்து இரண்டாவது சனிக்கிழமை. திருப்பதியில் சேருவதற்குக் கொடுத்திருந்த கடைசி நாள் அது என்று ஹெட்மாஸ்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். காலையில் ஞானசௌந்தரி ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் முதலில் மூலை நாற்காலியைத்தான் பார்த்தார். யூனிஸ் உட்கார்ந்து பத்தாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் மணி அடித்தது. சண்முகம் பையை மாட்டிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"யூனிஸம்மா, இன்னைக்கு ஒரு நாள் ஹாஸ்டலை நீ பாத்துக்கோயேன். நகரி பஸ் போயிடும். ஊர்ல தறிக்கு பாவு போட்டுக்கினு கீறாங்க, நான் இல்லாம ஆவாது."

வழக்கமாக அவள் தலையாட்டிவிடுவாள். அன்றைக்குச் சிவப்பு மையை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னால ஆவாது சார். டீச்சர்கிட்ட கேளுங்க."

சண்முகம் திரும்பி ஞானசௌந்தரியைப் பார்த்தார். அவர் நிமிராமல் கேள்வித்தாள் எழுதிக்கொண்டிருந்தார்.

"அடுத்த சனிக்கிழமை என்னோடது," என்றார். "இன்னைக்கு நான் இருக்கேன், அன்னைக்கு நீங்க இருங்க. சம்மதம்னா பஸ்ஸைப் புடிங்க சார்."

சண்முகம் சம்மதம் என்று சொன்னது வராந்தாவிலிருந்து கேட்டது.