வேம்பாருக்குப் போன தாள்

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தூத்துக்குடியில் கப்பல்கள் கரைக்கு வராது, தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கைத் தோணியில் கொண்டுபோய் ஏற்றுவோம். என் வேலை கை காட்டுவது. மூட்டைகளைத் தூக்கும் வின்ச்சை ஓட்டுகிறவருக்குக் கப்பலின் அடித்தட்டில் நிற்கும் ஆட்கள் தெரியமாட்டார்கள். நீராவி இரைச்சலில் கூப்பிட்டாலும் கேட்காது. என் கை ஒன்றுதான் அவர் கண்ணில் படும். விரித்த கையைத் தாழ்த்தினால் இறக்க வேண்டும். முஷ்டியை உயர்த்தினால் அப்படியே நிறுத்த வேண்டும். கண் சற்று நகர்ந்தால் கீழே இருப்பவன் தலையில் மூட்டை.

வீட்டுக்கு வந்த பிறகும் மூட்டைகள் கண்ணுக்குள் ஆடிக்கொண்டே இருக்கும். யார் பேசினாலும் கீழேயிருந்து ஒருவன் அலறுவது போல் கேட்கும். பகலெல்லாம் தனியாக இருந்த என் மனைவிக்கோ, நான் நுழைந்ததும்தான் பேச்சே தொடங்கும்.

ஒரு சாயங்காலம் ரேஷன் அரிசியில் கல் கிடந்த கதையைச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்தாள். என்னை அறியாமல் முஷ்டி உயர்ந்துவிட்டது. அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அடிக்க ஓங்கியதாக நினைத்துவிட்டாள். அது அப்படி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதன்பின் மூன்று நாள் வீட்டில் பேச்சே இல்லை. சோறு மட்டும் தட்டில் இருக்கும்.

நாலாம் நாள் விடியுமுன் ஒரு தாளில் எழுதி அடுப்பங்கரையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. எதிர்வீட்டு அக்கா வாசித்துக் காட்டுவாள் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது கதவு சாத்தியிருந்தது. அடுப்பு குளிர்ந்திருந்தது. அவளுடைய துணிப்பையைக் காணவில்லை, தாளையும் காணவில்லை. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "காலையிலேயே வேம்பாருக்கு, அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. முகத்துல ரத்தமே இல்ல. என்னத்த எழுதிக் குடுத்திய?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய கூடப்பிறந்த அக்காளை, அந்த அக்காள் புருஷன் இப்படி ஒரு தாள் எழுதிக் கொடுத்துத்தான் உறவை அத்துவிட்டான். அவள் கண்ணுக்கு இரண்டும் ஒரே தாள்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. கரி எரித்து ஓடும் பஸ் இரண்டு இடத்தில் நின்று புகைந்தது. உப்பளங்களைத் தாண்டும்போது ஒரே நினைப்பு. ஊரைக் கூட்டித் தாலியைக் கழற்றியிருந்தால்?

அவள் அண்ணன் வாசலில் நின்றார். உட்காரச் சொல்லவில்லை. பிரிக்காத தாளை என் மேல் வீசினார்.

"வாரும் மாப்ள. கப்பல்ல கையக் காட்டினா சம்பளம் தருவான். வீட்டுலயும் காட்டினா எவன் தருவான்? இந்தக் கருமத்த நீரே வாசியும், கேப்போம்."

அவள் கதவுக்குப் பின்னால் இருந்தாள். புடவை ஓரம் மட்டும் தெரிந்தது. நான் வாசித்தேன்.

"வேலை விட்டு வந்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கவேண்டும். விளக்கு ஏற்றும் வரை போதும். உன் மேல் கோபம் இல்லை. உன்னை வேண்டாம் என்பதும் இல்லை. தலைக்குள் இரைச்சல் அடங்கவேண்டும், அவ்வளவுதான். அடங்கியதும் நானே வந்து உன்னிடம் உட்காருவேன். அன்று கை தூக்கியது உன்னை அடிக்க அல்ல. அது கப்பலில் நிறுத்தச் சொல்லும் கை. அவசரம் என்றால் என் தோளைத் தொடு, உடனே கேட்பேன்."

அண்ணன் தலையைச் சொறிந்தார். "இதுக்கா ரெண்டு நாளா ஒப்பாரி?"

கதவுக்குப் பின்னாலிருந்து அவள் பேசினாள். "நீங்க வாயத் தொறக்காம உள்ள போனா, எனக்கு அக்கா புருசன் மொகந்தான் தெரியுது. சும்மா இரிங்க, வேண்டாங்கல. உள்ள வரும்போது 'கோவமில்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். ஒரு மாசம் பாப்பேன். சொல்லாத அன்னைக்கு இங்கயே வந்துருவேன்."

வந்தாள். தூத்துக்குடி வீட்டில் துணிப்பையை அவிழ்க்காமலே மூலையில் வைத்தாள். தினமும் அந்த வார்த்தையைச் சொன்னேன். விளக்கு ஏற்றியபின் கல் அரிசிக் கதையையும் முழுதாகக் கேட்டேன். ஆனாலும் வாசல்படியில் கால் வைக்கும்போதெல்லாம், இன்று வாய் வராமல் போனால் என்ற பயம் இருக்கும்.

மாதம் முடிய நாலு நாள் இருக்கையில் கப்பலில் கயிறு அறுந்து மூட்டை விழுந்தது. என் கை சரியாகத்தான் காட்டியது. கீழே இருந்தவரைத் தோணியில் படுக்கவைத்துக் கரைக்குக் கொண்டு வந்தோம். அவர் பிழைப்பாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து வாசலில் நின்றேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அவள் எழுந்து பையின் பக்கம் போவது காலடியில் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து என் முன்னால் வந்து குனிந்தாள்.

"கோவமா?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் போய் வாசல்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். செய்தி கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரிடமும், "இப்பப் பேச மாட்டாக. விளக்கு ஏத்தின பொறவு வாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

1949, கார்த்திகை 12, ஞாயிறு.