ஜானகி சேர்த்த ஒரு வரி

மாம்பலம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் காலை ஒன்பதரைக்கு நடப்பவர்களுக்குச் சொந்தமாகக் கால் தேவையில்லை. கூட்டமே தூக்கிக்கொண்டு போய் ரங்கநாதன் தெருவில் கொட்டிவிடும். மேற்கு மாம்பலத்து ஜானகி பதினோரு வருஷமாக அப்படித்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வளையல் கடை, பாத்திரக் கடை, குடைக் கடை எல்லாவற்றையும் தாண்டி, பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடிப்படி ஏறினால் அவளுடைய ஆபீஸ். ரத்ததானம் செய்ய முன்வருபவர்களின் பெயர், ரத்தவகை, விலாசம், ஃபோன் நம்பர் எல்லாவற்றையும் பதிந்து வைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது கேட்டால் எடுத்துக் கொடுக்கும் சங்கம் அது. அங்கே ரத்தம் எடுப்பதில்லை, ஊசி இல்லை, பெயர்கள் மட்டும்தான்.

அந்தப் பெயர்கள் நாலாயிரத்துச் சொச்சமும் இருந்தது, ஏதோ ஒரு கம்பெனி வேண்டாமென்று தானமாகத் தள்ளிவிட்ட ஒரு யூனிக்ஸ் மெஷினில். மூன்று டெர்மினல்கள். மூன்றிலும் எல்லோருக்கும் ஒரே லாகின். ஒரே வீட்டில் மூன்று குடித்தனம் இருந்து ஒரே சாவியை வைத்துக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு. யார் எதை மாற்றினாலும் மற்றவர்களுக்கும் மாறிவிடும் என்பதை யாரும் யோசித்ததில்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை எல்லாவற்றையும் டேப்பில் எடுத்து, பீரோவில் பூட்டுவார்கள்.

சங்கத்தை நடத்தியவர் மயிலாப்பூர் ஸ்ரீரங்கன். ரிடையரான பெரிய அதிகாரி, நல்ல மனுஷர், கோபம் மட்டும் ரிடையராகவில்லை. மெஷினில் எதையும் மாற்ற அதிகாரம் தரும் ரூட் பாஸ்வேர்டை ஒட்டிய கவரில் போட்டுத் தன் டிராயரில் வைத்திருந்தார். "மெஷின்ல யாரும் புதுசா எதுவும் பண்ணப்படாது" என்று சுவரில் எழுதி ஒட்டாத குறை. ஜானகி அவரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் யாரிடமும்தான் பேசியதில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண் மை கொட்டியதற்கு இவள் முழங்காலில் நின்றிருக்கிறாள். இரண்டு முறை பெண் பார்க்க வந்து கலைந்தபோது காரணத்தைக்கூடக் கேட்கவில்லை. வாய் திறக்காமல் இருந்தே முப்பத்தெட்டு வயதைத் தாண்டிவிட்டவள். பேசாததற்கெல்லாம் சேர்த்துப் படிப்பாள். அந்த மெஷினோடு வந்த தடித்தடியான மேனுவல்களை அந்த ஆபீஸில் பிரித்தவள் அவள் ஒருத்திதான்.

1996 மே மாதம். அவளுடைய சித்தி பிள்ளை சாய்சரண், அடையாறு பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்ப்பவன், ஒரு ஃப்ளாப்பி கொண்டுவந்து கொடுத்தான்.

"அக்கா, பேரை ஒண்ணு ரெண்டு எழுத்து தப்பா அடிச்சாலும் இது கண்டுபிடிச்சுடும். உங்க மெஷின் மாதிரி ஒண்ணு எங்ககிட்ட இருக்கு, அதுலயே கம்பைல் பண்ணிட்டேன். நீ பிரிச்சுப் போட்டா போதும்."

"ரூட் பாஸ்வேர்டு எங்கிட்ட கிடையாதுடா."

"வேண்டாமே. உங்க ஹோம் டைரக்டரியிலயே பிரிச்சுக்கோ. அப்புறம் .profile-ல பாத்துல சேத்துடு. அவ்வளவுதான்."

வியாழக்கிழமை சாயங்காலம், மற்றவர்கள் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம். ஜானகி, லாகின் செய்ததும் தானாக வரும் மெனுவிலிருந்து வெளியே வந்து, ஃப்ளாப்பியிலிருந்த ஃபைலை அந்த லாகினுக்குச் சொந்தமான ஹோம் டைரக்டரிக்குள் கொண்டுவந்தாள். கடைசியில் .Z என்று இருந்ததை uncompress செய்து சுருக்கம் நீக்கினாள். பிறகு tar. கட்டியிருந்த மூட்டை அவிழ்ந்து, tedu என்று ஒரு டைரக்டரி, அதற்குள் bin, man என்று வரிசையாக இறங்கியது. முழு விலாசத்தையும் அடித்து ஓட்டிப் பார்த்தாள். ஒரு பெயரை வேண்டுமென்றே தப்பாகக் கொடுத்தாள். சரியான ஆள் வந்து நின்றான். அந்த வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இனி ஒவ்வொரு தடவையும் முழு விலாசம் அடிக்காமல் இருக்க ஒரு வரி சேர்க்க வேண்டும். நாம் ஒரு கமாண்டை அடித்தால், அதை எந்தெந்த டைரக்டரியில் போய்த் தேடுவது என்று மெஷினிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அதன் பெயர்தான் பாத். லாகின் செய்யும்போது .profile என்ற ஃபைல் அதைத் தயார் செய்யும். ஜானகி vi-யில் அந்த ஃபைலைத் திறந்து, மெனுவைக் கூப்பிடும் வரிக்கு மேலே இப்படி எழுதினாள்:

PATH=$HOME/tedu/bin

சேமித்தாள். ஸ்ரீரங்கனின் செருப்புச் சத்தம் படியில் கேட்டது. அவசரமாக மெனுவுக்குத் திரும்பினாள். மேலே வழக்கம்போல மொத்தப் பெயர்களின் எண்ணிக்கை: 4118. எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஏற்கெனவே லாகின் ஆகியிருந்தவர்களுக்குப் பழைய பட்டியலே ஓடிக்கொண்டிருந்ததே, கோளாறு எப்படித் தெரியும்? ஆறு மணிக்கு எல்லோரும் லாகவுட் செய்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று டெர்மினல்களிலும் ஒரே வரி வந்தது. menu: not found. அடுத்து வெறும் டாலர் குறி. ஜானகி, ஃபைல்களைப் பட்டியலிடும் ls அடித்தாள். ls: not found. who அடித்தாள். அதுவும் இல்லை.

ஸ்ரீரங்கன் கத்திய கத்தலில் மகேஷ் கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டரில் பறந்து வந்தான். மெஷினைச் சர்வீஸ் செய்யும் பையன். டிஸ்க்கைக் கழற்றி மாட்டுவதில் சூரன்; மற்றபடி சுமார்தான். அவன் கவரைக் கிழித்து ரூட்டாக லாகின் செய்தான். அங்கே எல்லாக் கமாண்டும் வேலை செய்தது.

"சார், சிஸ்டம் நல்லா கீது. உங்க யூசர் ஏரியாதான் அடி வாங்கிகினு இருக்கு. டேப்லேருந்து அத்த மட்டும் திருப்பிப் போட்டுட்டா சரியாப்பூடும்."

இதற்குள் ஜானகி பக்கத்து டெர்மினலில் ஒன்று செய்திருந்தாள். echo என்பது, கமாண்டுகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்குள்ளேயே இருப்பது, வெளியே போய்த் தேட வேண்டியதில்லை என்று எப்போதோ மேனுவலில் படித்தது நினைவுக்கு வந்தது. echo * என்று அடித்தாள். ஒரே வரியில் எல்லா ஃபைலும் வந்து விழுந்தன. பெயர்களெல்லாம் உள்ள donors இருந்தது. tedu இருந்தது. எதுவும் தொலையவில்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அவள் பட்டியலில் சேர்க்கவில்லை. பட்டியலையே அழித்துவிட்டுத் தன்னுடையதை மட்டும் வைத்திருக்கிறாள். பழைய பாதைகளை அப்படியே வைத்துக்கொண்டு, கடைசியில் புதியதை ஒட்டியிருக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை.

மகேஷ் டேப்பை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். லேபிளில் ஆறாம் தேதி. இன்றைக்கு இருபத்து நாலு. நடுவில் பதினெட்டு நாள்; அதில் சேர்ந்த பெயர் ஒன்றுகூட அந்த டேப்பில் இருக்காது.

"யார் கை வச்சது இதுல?" ஸ்ரீரங்கன் அறை நடுவில் நின்று கேட்டார். "நேத்திக்கு சாயந்திரம் வரைக்கும் நன்னாத்தானே இருந்தது? ஜானகி, நீதானே கடைசியா ஒக்காந்திண்டிருந்தே?"

சொல்லியிருக்கலாம். நான்தான் சார், ஒரு வரி, இப்போதே சரி செய்கிறேன், டேப்பைப் போடாதீர்கள். அவ்வளவுதான். திட்டுவார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். வேலையை விட்டுக்கூட அனுப்பலாம். வாய் வரைக்கும் வந்த வார்த்தையை அவள் பழக்கத்தில் விழுங்கினாள்.

"யாரும் தொடலை சார்."

மகேஷ் என்டர் தட்டினான். ரீல் சுற்றும் சத்தம் எழுந்தது. ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. .profile என்று ஒன்று போனது; பழையது, நல்லது, அவள் வரி இல்லாதது. பின்னாலேயே donors வந்தது. அதுவும் பழையதுதான். அவள் எழுந்து நின்றாள். எழுந்து நின்றதோடு சரி.

மறுபடி லாகின் செய்ததும் மெனு வந்தது. மகேஷ் கையைத் தட்டிக்கொண்டான். ஸ்ரீரங்கன் அவனுக்குக் காபி வரவழைத்தார். மேலே எண்ணிக்கை 4071 என்று இருந்ததை ஜானகி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தேழு பேர். முகாம்களில் எழுதி வாங்கிய படிவங்கள் முப்பத்தொன்று இருந்தன. அன்றைக்கே உட்கார்ந்து திரும்ப அடித்தாள். மீதி பதினாறு பேர் ஃபோனில் கூப்பிட்டுப் பெயர் கொடுத்தவர்கள். யார் யாரோ தொண்டர்கள் முறை வைத்து வந்து, கேட்டதை நேராக டெர்மினலில் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். காகிதமே கிடையாது. "ஆர்வம் இருக்கறவா திரும்பக் கூப்பிடுவா" என்றார் ஸ்ரீரங்கன். மறுவாரம் ஜானகி அந்த வரியைச் சரியாக எழுதினாள்: PATH=$PATH:$HOME/tedu/bin. டேப்புக்கு tedu-வைத் தெரியாது, அதனால் அதைத் தொடவில்லை. அவிழ்த்த இடத்தில் அப்படியே இருந்தது. கருவி அருமையாக வேலை செய்தது. ஸ்ரீரங்கனே பாராட்டினார். ஒவ்வொரு முறை ஃபோன் மணி அடிக்கும்போதும், அந்தப் பதினாறு பேரில் ஒருவராக இருக்குமோ என்று இவளே ஓடிப்போய் எடுத்தாள்.

ஜூலை பத்தொன்பது, பகல் பதினோரு மணிக்கு அந்த ஃபோன் வந்தது. மயிலாப்பூரில் ஒரு நர்சிங் ஹோமிலிருந்து ஓர் ஆண் குரல்.

"அம்மா, எங்க அக்கா ஜமீலுன்னிசா. கொளந்த பொறந்திருக்கு, ரத்தம் நிக்கல. பாம்பே குரூப்புன்னு சொல்றாங்க. வேற எந்த ரத்தமும் ஏத்தக் கூடாதாம். பேங்க்ல எங்கியும் இல்ல. உங்ககிட்ட யாராச்சும் இருக்காங்களாம்மா?"

பதிவேட்டில் அந்த வகையில் இரண்டே பேர். ஒருவர் துபாய் போய்விட்டார். இன்னொருவர் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தார். ஜானகி திரும்பத் திரும்பத் தேடினாள். எழுத்தை மாற்றித் தேடினாள். அந்த அருமையான கருவி அதே இரண்டு பேரையே திரும்பத் திரும்பக் காட்டியது. வேறு ஊர்ச் சங்கங்களுக்கெல்லாம் ஃபோன் போட்டாள். நாலரை மணிக்கு நர்சிங் ஹோமைக் கூப்பிட்டபோது, எடுத்த நர்ஸ், "இனிமே வேணாம்மா" என்றாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் மத்தியானம் ஒருவர் படியேறி வந்தார். வெள்ளைச் சட்டை, நாற்பது வயதிருக்கும், வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஜானகியின் எதிரில் உட்கார்ந்தார்.

"எம்பேரு அப்துல் கய்யூம்மா. கடை ஃபோன் நம்பர் மாறிடுச்சு. அதான் நேர்லயே சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். அவசரத்துக்குப் பழைய நம்பர்ல கூப்ட்டு நான் கெடைக்கலன்னா பாவமில்லையா."

அவள் பெயரை அடித்தாள். எதுவும் வரவில்லை. இரண்டு எழுத்து தள்ளியும் பார்த்தாள்.

"எப்ப பேர் கொடுத்தீங்க?"

"மே மாசம்மா. பத்து, பன்னெண்டு தேதி இருக்கும். ஃபோன்லதான் சொன்னேன். எனக்கு ஆபரேசன் பண்ணப்ப டாக்டர் சொன்னாரு, உன்னோடது லேசுல கெடைக்காத ரத்தம், எங்கயாச்சும் பேர் குடுத்து வையின்னு. பாம்பே குரூப்பு."

ஜானகி மேஜை காலண்டரில் மே மாதத்தைத் திருப்பிப் பார்த்தாள்; ஆறுக்கும் இருபத்து நாலுக்கும் நடுவில். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"இவ்ளோ நாளா நீங்க கூப்புடவே இல்ல. அப்ப யாருக்கும் தேவப்படல, இல்லியா? அல்லா காப்பாத்துனாரு."

முப்பத்தெட்டு வருஷமாக வாய்க்குள் இருந்ததெல்லாம் அவளுக்குத் தொண்டைக்கு வந்தது. உள் அறையில் ஸ்ரீரங்கன் பேப்பர் படிக்கும் சத்தம் கேட்டது.

"கடை எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"ரங்கநாதன் தெருதாம்மா. ஸ்டேஷன் படி எறங்குனதும் ரெண்டாவது, குடைக் கடை. காலைல ஒம்பதரைக்கெல்லாம் கடை வாசல்லதான் நிப்பேன். உங்களக்கூட தெனம் பாக்கறேனே."